பத்தாம் தேதி வேண்டாம், பன்னிரண்டு

எங்கள் வீட்டில் கடன், கைமாத்து என்று இரண்டு சொற்கள் உண்டு. கடன் என்றால் வங்கி, வட்டி, கையெழுத்து. கைமாத்து என்றால் ஒரு கையில் இருந்தது இன்னொரு கைக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். வட்டி இல்லை, தாள் இல்லை, சாட்சி இல்லை. ஆனால் கைமாத்துக்குத் தேதியும் இல்லை. கொடுக்கும்போது அதுதான் அதன் அழகாகத் தெரியும். ஏழு மாதம் கழித்து அதுதான் அதன் சிக்கலும்.

அம்மாவின் தம்பி, என் தாய்மாமா, காப்பாரில் பள்ளி வேன் ஓட்டுகிறார். போன நவம்பரில் வேனின் கியர்பாக்ஸ் போய்விட்டது. வேன் நின்றால் பிள்ளைகளை வேறு வேன்காரர் எடுத்துக்கொள்வார். ஒருமுறை போன பிள்ளை திரும்பி வராது. என்னிடம் 3,000 வெள்ளி கேட்டார், மறுநாளே அனுப்பினேன். "ஸ்கூல் தொறந்து ரெண்டு மாசத்துல தந்துர்றேன்யா" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அப்போது அவர் அதை நம்பினார்.

மார்ச் போனது. ஏப்ரலில் என் அழைப்பை எடுப்பதை நிறுத்தினார். மே மாதம் எங்கள் வீட்டுப் பூசைக்கு அத்தை மட்டும் தட்டோடு வந்தார், "மாமாவுக்கு ஓட்டம் இருக்குப்பா" என்றார். ஞாயிற்றுக்கிழமை பள்ளி வேனுக்கு என்ன ஓட்டம் என்று யாரும் கேட்கவில்லை. அம்மா மட்டும் என்னிடம் சொன்னார்: "கேக்காத. அவன் என் தம்பி." கேட்டால் உறவு கெடும் என்பது அம்மாவின் பயம். கேட்காமலே அது கெட்டுக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. பணம் எனக்குத் தேவைதான். ஆனால் அந்த 3,000 வெள்ளி எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு மாமாவை உள்ளே விடாமல் தடுத்தது அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது. இதற்கு ஒரு தேதி வேண்டும் என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

தேதியை எங்கிருந்து எடுப்பது? என் சம்பள நாளிலிருந்து இல்லை. என் பொறுமை தீரும் நாளிலிருந்தும் இல்லை. அவர் கையில் காசு இருக்கும் நாளிலிருந்து. அதற்கு அவர் தொழிலை அவர் பக்கமிருந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். காலை, மதியம் என்று இரண்டு ஓட்டத்துக்கும் சேர்த்து 26 பிள்ளைகள். தலைக்குச் சராசரியாக 110 வெள்ளி. எல்லாரும் ஒழுங்காகக் கொடுத்தால் 2,860. வேன் தவணை 720, பெட்ரோலும் சில்லறை வேலையும் 600. மிச்சம் 1,540. அத்தை கையுறைத் தொழிற்சாலையில் வாங்கும் சம்பளத்தோடு அதில்தான் ஐந்து பேர் வீடு ஓடுகிறது. இது போக ஆறு மாதத்துக்கு ஒரு முறை புஸ்பகோம் பரிசோதனை, அதற்கு முன் டயர், பிரேக் என்று எதையாவது மாற்ற வேண்டும்.

இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு "அடுத்த மாசம் மொத்தமாத் தந்துருங்க மாமா" என்று எழுத முடியாது. அப்படிக் கேட்டால் அவர் சரி என்றுதான் சொல்வார், ஏனென்றால் இல்லை என்று சொல்ல வெட்கம். அந்தச் சரி பொய்த்துவிடும், பிறகு இன்னொரு ஆறு மாதம் என் கண்ணில் படமாட்டார். மொத்தமாகத் தருகிறேன் என்று சொல்பவரிடமிருந்துதான் பெரும்பாலும் எதுவும் வருவதில்லை. மாதம் 300 அவருக்கு வலிக்கும், ஆனால் உடைக்காது. பத்துத் தவணை. பெற்றோர்கள் வேன் காசைக் கொடுப்பது மாதத்தின் முதல் வாரத்தில். ஆகவே பத்தாம் தேதி. தீபாவளி மாதத்தை விட்டுவிட வேண்டும். டிசம்பர் விடுமுறையில் பாதிப் பெற்றோர் காசு கொடுக்க மாட்டார்கள், அதையும் விட வேண்டும். ஜூலையில் தொடங்கினால் அடுத்த ஜூனில் முடியும்.

கணக்கில் 50 வெள்ளிகூட மிஞ்சாத ஒருவராக இருந்தால் தேதி சொல்லவே கூடாது. அவருக்குக் கொடுத்ததை மனசுக்குள் தள்ளுபடி செய்துவிட்டு, அதை அவரிடமும் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். சொல்லாத தள்ளுபடி அவருக்குக் கடனாகவேதான் இருக்கும்.

அடுத்தது சொற்கள். பணத்தைத் திருப்பிக் கேட்பதற்கு நம் பேச்சுத் தமிழில் இருக்கும் வாக்கியங்கள் ஒன்று கொட்டும், இல்லாவிட்டால் குழையும். "ஞாபகப்படுத்துறேன்" என்றால் நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்று பொருள். மாமா மறக்கவில்லை, மறந்திருந்தால் பூசைக்கு வந்திருப்பார். "எப்ப தருவீங்க?" என்பது கேள்வி மாதிரி இருக்கும் அதட்டல். அதற்குப் பதில் சொல்ல அவரிடம் ஒன்றும் இல்லை என்பதால்தானே தொலைபேசியை எடுக்காமல் இருக்கிறார்.

குழைவது இன்னும் ஆபத்து. "அவசரம் இல்ல மாமா", "உங்களுக்கு எப்ப முடியுதோ அப்ப". மரியாதைக்காக எழுதும் இந்த இரண்டு வாக்கியங்களும் தேதியைக் கொன்றுவிடும். கஷ்டத்தில் இருப்பவர் நம் செய்தியில் தனக்கு மூச்சுவிட இடம் தரும் சொல்லைத்தான் பிடித்துக்கொள்வார். ஜூலை 10 என்றும் எழுதி அவசரமில்லை என்றும் எழுதினால், அவர் படிப்பது அவசரமில்லை என்பதை மட்டும்தான். மரியாதையைத் தொகையிலும் தேதியிலும் காட்டலாம். தேதியை மழுப்புவதில் காட்டக் கூடாது.

எனக்கு ஏன் பணம் வேண்டும் என்பதையும் எழுதவில்லை. என் கஷ்டத்தைச் சொன்னால் அவர் தன் கஷ்டத்தைச் சொல்ல வேண்டிவரும். பிறகு யாருடையது பெரிது என்ற போட்டிதான். அதில் அவர்தான் ஜெயிப்பார், ஜெயித்தும் அவமானப்படுவார். அதேபோல் "பசியாறியாச்சா மாமா, அத்தை எப்படி இருக்காங்க" என்று நாலு வரி நலம் விசாரித்துவிட்டு ஐந்தாவது வரியில் பணத்துக்கு வருவதும் வேண்டாம் என்று பட்டது. அப்படிச் செய்தால் இனி நான் எப்போது பசியாறியாச்சா என்று கேட்டாலும் அவருக்கு வயிறு கலங்கும்.

குரல் பதிவு அனுப்பினால் பக்கத்தில் பிள்ளைகள் இருக்கும்போது ஒலிக்கும். குடும்பக் குழுவைப் பற்றிப் பேச்சே இல்லை. புலனத்தில் அவருக்கு மட்டும், எழுத்தில், ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அனுப்பினேன். அன்றைக்கு வேன் ஓட்டம் இல்லை. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் இதைப் படிக்க வேண்டாம்.

"வணக்கம் மாமா. நவம்பர்ல வேன் கியர்பாக்ஸுக்கு வாங்குன 3,000 வெள்ளியப் பத்தி எழுதுறேன். மொத்தமா வேணாம் மாமா. மாசம் 300ன்னு வெச்சுக்கலாமா? மொத தவணை ஜூலை 10. பிள்ளைங்க காசு அதுக்குள்ள வந்துரும்னுதான் அந்தத் தேதி. தீபாவளி மாசமும் டிசம்பரும் வேணாம். 10 ஒத்து வரலன்னா உங்களுக்கு ஒத்து வர்ற தேதியச் சொல்லுங்க, அதையே வெச்சுக்குவோம். இது நம்ம ரெண்டு பேருக்குள்ள."

கியர்பாக்ஸ் என்று பெயர் சொல்லி எழுதியது வேண்டுமென்றேதான். அவர் அந்தப் பணத்தைக் குடித்து அழிக்கவில்லை, தொழிலைக் காப்பாற்றினார். அதை நான் மறக்கவில்லை என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

சனிக்கிழமையே நீலக் குறி விழுந்துவிட்டது. பதில் இல்லை. ஞாயிறும் இல்லை. நான் இரண்டாவது செய்தி அனுப்பவில்லை. ஏழு மாதம் வாய் திறக்காதவர் ஒரு நாளில் திறக்க மாட்டார். திங்கள் இரவு வந்தது.

"10 வேணாம்யா. 12 வெச்சுக்க. ரெண்டு வீட்ல லேட்டாத்தான் குடுப்பாங்க. 300 சரி."

அந்த இரண்டு நாள் வித்தியாசத்தை நான் பல முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். பத்து என்பது நான் சொன்ன தேதி. பன்னிரண்டு அவர் சொன்னது. என் தேதியைத் தவறவிட்டால் அது எனக்குச் செய்யும் பிழை. தான் திருத்திய தேதியைத் தவறவிட்டால் அது தன் சொல்லைத் தவறவிடுவது. தேதி குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும், ஆனால் அவர் கை வைத்து நகர்த்த முடிகிற மாதிரி சொல்ல வேண்டும். அவர் நகர்த்திய பிறகுதான் அது உறுதியாகிறது.

ஜூலை 12, ஆகஸ்ட் 12 இரண்டும் வந்தன. வங்கிக் குறிப்புக் கட்டத்தில் "கியர்பாக்ஸ் 1", "கியர்பாக்ஸ் 2" என்று அவரே எழுதியிருந்தார். எங்களுக்கு அதுதான் கணக்குப் புத்தகம். செப்டம்பர் 12 வரவில்லை. இரண்டு நாள் பொறுத்து, "மாமா, இந்த மாசத்தத விட்டுட்டுக் கடைசில சேத்துக்கலாமா?" என்று மட்டும் கேட்டேன். அடுத்த மாதம் 600 என்று சேர்த்துக் கேட்டால் 300 கொடுக்க முடிந்தவருக்கு அதுவும் முடியாமல் போகும். அன்றே பதில்: "புஸ்பகோம் வந்துருச்சுய்யா. 20க்குப் போட்டுர்றேன்." 20ஆம் தேதி போட்டார். தவறிய தவணையைப் பற்றி ஒளியாமல் பேசினார் என்பதே எனக்கு அந்த 300 வெள்ளியைவிடப் பெரிதாக இருந்தது.

சட்டப் படிப்பு படிக்கும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். இங்கே 5,000 வெள்ளிக்கு மேல் போகாத தொகைக்கு வழக்கறிஞர் இல்லாமலே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்குப் போடலாம், உனக்கு எதற்கு இத்தனை சொல்லாராய்ச்சி என்றார். உண்மைதான், போடலாம். 3,000 வெள்ளி கிடைக்கவும் கிடைக்கும். அம்மாவுக்குத் தம்பி இருக்க மாட்டார். அவர் சொன்ன இன்னொன்றுதான் எனக்குப் பிடித்தது. 1953ஆம் ஆண்டின் காலவரைச் சட்டப்படி இப்படிப்பட்ட கடனுக்கு வழக்குப் போட ஆறு ஆண்டுதான் அவகாசம். ஆனால் அதற்குள் வாங்கியவர் ஒரு சிறு பகுதியைக் கட்டினாலும், கட்டிய நாளிலிருந்து அந்த ஆறு ஆண்டு புதிதாகத் தொடங்கும். 3,000 வெள்ளியில் ஒரு 300ஐக் கட்டினால் முழுதும் மறுபடி உயிரோடு இருக்கிறது என்று சட்டமும் எடுத்துக்கொள்கிறது. நான் அதைப் பணத்துக்காக மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆகஸ்டில், இரண்டாவது தவணை போட்ட வாரம், அம்மா ஆடிக்கூழ் காய்ச்சினார். மாமா வந்தார். இரண்டு கிண்ணம் குடித்தார், என்னிடம் வேன் டயர் விலையைப் பற்றி அரை மணி நேரம் குறைபட்டுக்கொண்டார். பணத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அதற்கென்று ஒரு தேதி இருந்தது, அன்றைக்கு அந்தத் தேதி இல்லை.

இன்னும் 2,100 பாக்கி.