புதிய பெயர்ப்பலகையும் ஓர் அழைப்பும்

நேற்று மாலை, பல ஆண்டுகளாக எங்களிடம் நல்லெண்ணெய் வாங்கும் அம்மையார் ஒருவர் அழைத்து, “தம்பி, புதுப் பேருல ஒரு கணக்கு வந்திருக்கே, அது நீங்கதானா? பணம் அனுப்பலாமா?” என்று கேட்டபோதுதான் என் பிழை எனக்கு விளங்கிற்று.

புதிய கணக்கில் பெயர் மாற்றத்தை அறிவித்தேனே தவிர, அவர் விசுவாசம் வைத்திருந்த பழைய கணக்கில் ஒரு வரியும் எழுதவில்லை. பெயர் மாறிவிட்டதாகச் சொல்லிப் போலிகள் பணம் கேட்கும் இக்காலத்தில், புதிய கணக்கு தனக்குத் தானே கூறும் சாட்சியம் எவ்வாறு செல்லும்?

ஆகவே, பழைய கணக்கிலிருந்தே இதை எழுதுகிறேன்.

என் பெயரையும் கூட்டாளியின் பெயரையும் இணைத்து வைத்தது பழைய பெயர்; அவர் சிநேகபாவத்துடன் விலகியதால் அதை மாற்றுகிறோம். புதிய பெயர் மேலே பலகைப் படத்தில் உள்ளது.

செக்கும், கைபேசி எண்ணும், வங்கிக் கணக்கும் பழையவையே. யுபிஐயில் பணம் செலுத்துமுன் திரையில் தோன்றும் பெயர், இதுவரை நீங்கள் கண்ட என் சொந்தப் பெயராக இல்லையெனில், தயவுசெய்து அனுப்பாதீர்கள்.

பதிவிடும் இந்தக் கணக்கை அழிக்கமாட்டேன்; ஏனெனில், கைவிட்ட பயனர்பெயரைப் பிறர் எடுத்துக்கொண்டு எங்கள் வேஷம் பூண இடமுண்டு. இப்பதிவை முகப்பில் பொருத்தி, இதிலிருந்து புதியதற்கும், புதியதிலிருந்து இதற்கும் இணைப்பு வைத்திருக்கிறேன்.

சந்தேகமிருப்பின் பழைய எண்ணுக்கே அழையுங்கள். இவையன்றி, நாங்கள்தான் என்று நீங்கள் நிச்சயிக்க இன்னும் என்ன வேண்டும்?