'நாங்கள்' என்பது 'நாம்' ஆனபோது

ஆரணியில் தறியோசை ஓயாத தெரு ஒன்றில் அந்த வீடு இருக்கிறது. அண்ணன் அங்கேயே பட்டு நெய்து முதுமை எய்தியவர். தம்பி படித்து அமெரிக்கா சென்று குடியேறியவர். தாயார் மறைந்தபின் வீட்டைப் பங்கிடும் பேச்சில் பிணக்கு மூண்டது. அதன்பின் பத்தொன்பது ஆண்டுகள் இருவருக்கும் இடையே ஒரு வரிகூடப் போகவில்லை.

ஓர் ஆடி வெள்ளியன்று அண்ணன் குலதெய்வமான படவேடு ரேணுகாம்பாளைத் தரிசித்துத் திரும்பினார். தாயார் இருந்தவரை இருவரும் சேர்ந்து சென்ற சந்நிதி அது. அன்றிரவு பிள்ளையார் சுழியிட்டு எழுதத் தொடங்கியவர் நான்கு நாட்களில் பதினொரு தாள்களை நிரப்பினார். தம்பிக்குத் தமிழ் படிக்கத் தெரியும். அவருடைய பிள்ளைகளுக்குத் தெரியாது. பகையோ அவர்கள் வரை சென்றுவிட்டது. ஆகவே, பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கும் தம் மகளிடம், "இதை அந்தப் பிள்ளைகளும் படிக்கும்படி எழுதிக் கொடு, கண்ணு" என்றார்.

மகள் ஒரே மாலையில் முடித்துவிட்டாள். தந்தைக்கு ஆங்கிலம் தெரியாதாகையால், தான் எழுதியதை வரிவரியாக மீண்டும் தமிழில் சொல்லிக் காட்டினாள். சிறிது நேரம் கேட்டவர், "பாங்கிலிருந்து வரும் நோட்டீஸ் போலிருக்கிறதே! நானா இப்படி எழுதினேன்?" என்றார். பொருள் ஒன்றும் பிழையில்லை. உறவுதான் காணாமற் போயிருந்தது.

எங்கே போயிற்று என்று தேடியபோது முதலில் அகப்பட்டது 'நீ' என்ற சொல். பாகப் பத்திரம் எழுதிய நாட்களில் அண்ணன் தம்பிக்கு அனுப்பிய கடைசிக் கடிதத்தில் 'தாங்கள்' என்று எழுதியிருந்தார். அது மரியாதையன்று, கதவடைப்பு. இப்போது மீண்டும் 'நீ' என்கிறார். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'யூ' ஒன்றே. தந்தையிடம் கேட்டு மகள் ஒரு வரி சேர்த்தாள்: அன்று அந்நியனுக்கு எழுதுவதுபோல் உனக்கு எழுதினேன், இன்று என் கைபிடித்து நடை பழகியவனுக்கு எழுதுகிறேன். தொடக்கத்திலிருந்த 'மை டியர் பிரதர்' என்பதை அடித்துவிட்டுத் 'தம்பி' என்றே ஆங்கில எழுத்தில் எழுதினாள்.

அடுத்தது இன்னும் நுட்பமானது. கடிதத்தின் முற்பகுதியில் 'நாங்கள் இந்த வீட்டில் இருக்கிறோம்' என்று வரும். பிற்பகுதியில் 'நாம் பிறந்த வீடு' என்று வரும். 'நாங்கள்' என்றால் கேட்பவர் வெளியே. 'நாம்' என்றால் அவரும் உள்ளே. குகனையும் சுக்கிரீவனையும் எண்ணியபின் விபீடணனை ஏழாவது உடன்பிறப்பாக இராமன் சேர்த்துக்கொள்வதைக் கம்பனில் படித்தவர்களுக்கு, அந்தச் சேர்ப்பின் அருமை விளங்கும். ஆங்கிலத்தின் 'வீ' இவ்வேறுபாட்டைக் காட்டாது. அந்த இடம் வந்ததும் மகள், 'நீயும் நானும் பிறந்த வீடு' என்று பொருள்படும்படி விரித்து எழுதினாள்.

மூன்றாவது இடத்தில் பேனா நின்றுவிட்டது. 'அன்று வார்த்தை தடித்துவிட்டது' என்று தந்தை எழுதியிருந்தார். தமிழில் வார்த்தை தானே தடிக்கும்; தடிக்க வைத்தவர் பெயர் வேண்டியதில்லை. மகளின் முதல் ஆங்கில வரியோ, இருவரும் கடுஞ்சொற்களைப் பரிமாறிக்கொண்டதாகச் சொல்லிற்று. பழியைப் பாதிப்பாதியாகப் பங்கிட்டுவிட்டது அது! அவளாக ஊகித்து எழுதவும் மனம் ஒப்பவில்லை; குற்றத்தை ஏற்பது எழுதியவர் உரிமையல்லவா?

"அப்பா, தடித்தது யாருடைய வார்த்தை?"

அவர் நெடுநேரம் பேசவில்லை. தறியில் பழைய பாவின் நுனியோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைக்கும் வேலை அன்று பாதியில் நின்றிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் கடைசியில், "என்னுடையதுதான். அம்மாவின் பதினாறாம் நாளன்று, 'கொள்ளி வைக்கக்கூட வராதவனுக்குப் பங்கு எதற்கு?' என்று கேட்டேன். விமானம் கிடைக்காமல் அவன் தவித்தது எனக்குத் தெரியும்" என்றார்.

மகள் ஆங்கிலத்தில் 'ஐ' என்று தொடங்கி அந்த வரியை எழுதினாள். தந்தை தம் தமிழ்க் கடிதத்தை வாங்கி, 'வார்த்தை தடித்துவிட்டது' என்பதை அடித்துவிட்டு, 'நான் கொடுமையாகப் பேசினேன், தம்பி' என்று தம் கையாலேயே திருத்தினார். மொழிபெயர்க்கப் போய், மூலமே மெய்யாயிற்று.

முடிவில் தமிழில் 'உன் பிள்ளைகளின் பெரியப்பா' என்று கையொப்பமிட்டிருந்தார். 'அங்கிள்' என்றால் தெருவில் போகிறவரும் அங்கிள்தான். ஆகவே அச்சொல்லையும் மாற்றாமல் வைத்து, 'தந்தைக்கு மூத்தவர், ஆதலால் பெரிய தந்தை' என்று அவ்வரியிலேயே விளக்கினாள். இரண்டு கடிதங்களும் படவேட்டுக் குங்குமத்துடன் ஒரே உறையில் சென்றன.

ஆறு வாரங்களில் பதில் வந்தது. தம்பி எழுதியது ஒரு பக்கம். உடன் அவர் மூத்த மகனின் ஆங்கிலக் கடிதம் ஒன்று. அடுத்த ஆடியில் எந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவீர்கள் என்று கேட்டிருந்தான். அதன் தலைப்பில், யாரிடமோ கேட்டு வரைந்ததுபோல், கோணல் கோணலாகத் தமிழில் ஒரே ஒரு சொல்: 'பெரியப்பா'.