கரட்டும் கிழங்கும் ஒருங்கே வேக

மரக்கறி வெட்டும் தொழிலைக் குறிக்கத் தமிழில் ஒரு சொல் அன்று, பல சொற்கள் உள்ளன. கீரையை அரிகிறோம், போஞ்சியை நறுக்குகிறோம், தோலைச் சீவுகிறோம், கத்தரிக்காயை நீளவாக்கில் வகிர்கிறோம். ஒவ்வொரு சொல்லும் கத்தி செல்லும் திசையையும் துண்டின் வடிவையும் தனித்தனியே சுட்டுகின்றது. ஆயினும் இச்சொற்களின் நயத்தை வகுப்பறையில் விரித்துரைக்கும் எம் போன்ற ஆண்கள் பலர் வீட்டில் அவற்றுள் ஒன்றையேனும் செய்து பார்ப்பதில்லை. கேட்டால், அது கைப்பக்குவம், எமக்கு வராது என்பர். கைப்பக்குவம் என்னும் சொல்லைப் போல வேலையிலிருந்து தப்புவதற்கு வசதியான சொல் வேறில்லை.

எமது தமக்கையின் மகன் உயர்தர வகுப்பில் படிக்கும்பொருட்டு எம்முடன் தங்கியிருந்தான். தமக்கை கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலையொன்றில் முறைவேலை செய்பவர். வீட்டுச் சமையல் முழுவதும் எட்டாம் வகுப்பில் படிக்கும் மகளின் தலையில் விழுந்திருந்தது. மாலை வகுப்புகளுக்கு அச்சிறுமி செல்வது நின்றுபோயிற்று. பரீட்சை முடிந்து வீடு திரும்பியதும் இரவுச் சமையலைத் தான் ஏற்பதென்று பையன் தீர்மானித்தான். அதற்கு முன் எம் வீட்டுக் குசினியில் பழகத் தொடங்கினான். முதல் நாள் அவன் வைத்த பால்கறியை உண்ட பின், சட்டியைக் காட்டிச் சொன்னான்:

“மாமா, கிழங்கு கரைஞ்சு போச்சு. கரட் இன்னும் கடிபடேல்லை. அடுப்பிலை பிழையோ?”

“அடுப்பிலை பிழையில்லைத் தம்பி, கத்தியிலைதான்” என்றோம்.

கொதிக்கும் நீரின் வெப்பம் துண்டின் புறத்தைத் தொட்டவுடன் அதன் நடுவை அடைந்துவிடுவதில்லை. படிப்படியாக உள்ளே ஊர்ந்து செல்ல வேண்டும். ஒரே வடிவான இரு துண்டுகளுள் ஒன்று மற்றதைப் போல இருமடங்கு பெரிதாயின், அதன் நடு அதே அளவு சூடேற ஏறத்தாழ நான்கு மடங்கு நேரம் செல்லும், இருமடங்கு அன்று. ஆதலின் ஒரு துண்டு ஒரு சென்ரிமீற்றரும் அதன் பக்கத்துத் துண்டு இரண்டு சென்ரிமீற்றருமாக இருந்தால், கண்ணுக்குச் சிறு வேறுபாடாகத் தோன்றுவது சட்டியில் பெரு வேறுபாடாகின்றது. தீயைக் கூட்டுவதாலும் இது தீராது. மெல்லக் கொதிக்கும் நீரும் பொங்கிக் கொதிக்கும் நீரும் வெப்பத்தில் ஏறத்தாழ ஒன்றே. பொங்கும் நீர் துண்டுகளை மோதவிட்டுக் கிழங்கின் மூலைகளை உடைப்பதுடன் எரிபொருளையும் வீணாக்கும். 2022இல் எரிவாயுச் சிலிண்டருக்கு வரிசையில் நின்றவர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இங்கு இன்னொன்றையும் கவனித்தல் வேண்டும். துண்டின் நீளமும் அகலமும் எவ்வளவாயினும், மிகக் குறுகிய பக்கமே வேகும் நேரத்தைப் பெரிதும் தீர்மானிக்கின்றது. மூன்று மில்லிமீற்றர் தடிப்புள்ள இழை ஐந்து சென்ரிமீற்றர் நீளமாயினும் விரைவில் வெந்துவிடும். கரட்டை வட்டம் வட்டமாக வெட்டும்போது அடிப்பகுதி வட்டம் பெரிதாகவும் நுனி வட்டம் சிறிதாகவும் இருப்பது கண்டு அஞ்ச வேண்டியதில்லை. தடிப்பு ஒன்றாயின் அவை ஏறக்குறைய ஒருங்கே வேகும். கெடுப்பது வேறொன்று: கத்தி சரிந்து, ஒரு விளிம்பு தடித்தும் மறு விளிம்பு மெலிந்தும் ஆப்பு வடிவில் விழும் துண்டு. மேலிருந்து நோக்கினால் இது தெரியாது. துண்டுகளைப் பலகையில் படுக்கவைத்து, கண்ணைப் பலகையின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டில் நோக்கினால் உடனே தெரியும்.

இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். அலகு ஏறத்தாழ பதினைந்து சென்ரிமீற்றர் நீளமுள்ள சாதாரணக் கத்தி போதும். ஆனால் கூர் வேண்டும். மழுங்கிய கத்தி வெட்டுவதில்லை, நசுக்குகின்றது. அழுத்தம் கூடும்போது சரிகின்றது. கைகளை அறுப்பதும் பெரும்பாலும் அதுவே. சாணைக்கல் இல்லாத வீட்டில் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால், அதன் அடியில் மெருகு பூசாத சொரசொரப்பான வளையம் ஒன்று இருக்கும். கத்தியின் முதுகைச் சுண்டுவிரல் தடிப்பளவு உயர்த்தி, இருபுறமும் மாறிமாறிப் பத்துப் பதினைந்து தடவை அதன்மேல் இழுத்தால் அன்றைய வேலைக்குப் போதிய கூர் வந்துவிடும். பழுத்த தக்காளியின் தோலை அழுத்தாமலே கத்தி பிளந்தால் சரி. பின்னர் கத்தியை நன்கு துடைத்துவிட வேண்டும். பலகையின் கீழ் ஈரத்துணியை மடித்து விரித்தால் அது நகராது.

எமது தாயார் பலகை வைத்து வெட்டியதில்லை. கிழங்கை இடக்கையில் பிடித்துச் சட்டிக்கு மேலேயே வெட்டி வீழ்த்துவார். துண்டுகள் ஒத்தே இருக்கும். நாற்பது ஆண்டுக் கணக்கு அவர் பெருவிரலில் இருந்தது. புதிதாகப் பழகுபவன் அதைப் பின்பற்றினால் ஆப்புத் துண்டுகளையே பெறுவான். அவனுக்குப் பலகை வேண்டும்; தட்டையான ஓர் அடிப்பக்கமும் வேண்டும்.

அந்தத் தட்டைப் பக்கமே வேலையின் திறவுகோல். கிழங்கும் கரட்டும் உருள்வன. உருளும் பொருளை ஒரே அளவாக வெட்ட இயலாது. எனவே தோல் சீவிய கிழங்கின் நீண்ட பக்கத்தில் மெல்லிய சீவலொன்றை முதலில் எடுத்துவிட்டு, அந்த வெட்டு முகம் பலகையில் படியுமாறு கிழங்கை வைக்க வேண்டும். அதன் பிறகு அசையாது. வலக்கைப் பெருவிரலும் சுட்டுவிரலும் கைப்பிடியை விட்டு முன்னேறி அலகின் அடியைப் பற்றிக்கொள்ளட்டும்; கத்தி சரியாதிருக்க இப்பிடி உதவும். இடக்கையின் விரல்நுனிகள் உள்ளே மடிந்து, நடுவிரலின் கணு முன்னே நிற்க, அலகின் பக்கம் அந்தக் கணுவை உரசியபடி இறங்க வேண்டும். கணுவை எவ்வளவு பின்னகர்த்துகிறோமோ அவ்வளவே அடுத்த துண்டின் தடிப்பு. அளவு கண்ணில் இல்லை, இடக்கையில் இருக்கின்றது. அலகைக் கணுவின் உயரத்துக்கு மேல் தூக்காதிருந்தால் காயம் நேராது.

நால்வருக்கு ஒரு பால்கறி என்று கொள்வோம்: நடுத்தரமான கிழங்கு மூன்று, கரட் இரண்டு, போஞ்சி ஒரு பிடி. கிழங்கை ஒன்றரைச் சென்ரிமீற்றர்த் தடிப்பில் பலகைகளாக வெட்டுகிறோம். இரண்டு பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அதே அளவில் நீளக் கம்புகளாக்குகிறோம், மூன்றடுக்கினால் வழுக்கும். பின் கம்புகளைச் சேர்த்துக் குறுக்கே வெட்டினால் சதுரத் துண்டுகள் கிடைக்கும். பலகை, கம்பு, கட்டி என்று பையன் இதை மனனம் செய்துகொண்டான். விளிம்பில் வளைந்த சிறு துண்டுகள் சில மிஞ்சும். பெரிய உணவகங்களில் கிழங்கின் நாற்புறத்தையும் சீவிச் சதுரமாக்கிய பின்னரே வெட்டுவதுண்டு; அந்த ஆடம்பரம் எம் வீடுகளுக்கு வேண்டாம். மிஞ்சியவை கறியிற் கரைந்து குழம்பைத் தடிப்பாக்கட்டும்.

கரட்டில் தொல்லை அதன் கூம்பு வடிவம். அதை முதலில் குறுக்கே மூன்று பகுதிகளாக்கிக் கொள்ள வேண்டும். தடித்த அடிப்பகுதி மூன்று சென்ரிமீற்றர் அகலமாயின் மூன்று பலகை, பலகைக்கு மூன்று கம்பு. நடுப்பகுதி இரண்டு சென்ரிமீற்றராயின் நான்காக வகிர்ந்தால் போதும். நுனி ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றரே இருக்கும். அதைத் தொடவே வேண்டாம். இப்போது எல்லாமே ஒரு சென்ரிமீற்றர்க் கம்புகள்தாம். இனிச் சேர்த்துக் குறுக்கே ஒரு சென்ரிமீற்றர் இடைவெளியில் வெட்டலாம். அளவுகோல் தேவையில்லை, பெரும்பாலோரின் சுண்டுவிரல் நகத்தின் அகலம் ஏறத்தாழ அவ்வளவே.

கிழங்குக்கு ஒன்றரை, கரட்டுக்கு ஒன்று என்பது ஏன் என்று பையன் கேட்டான். கேட்க வேண்டிய கேள்வியே. வெப்பம் நடுவை அடைவது வேறு, நடு மெதுமையாவது வேறு. கிழங்கின் மாப்பொருள் எழுபது பாகை அளவிலேயே நீரை உறிஞ்சிக் குழைந்துவிடும். கரட்டின் அணுக்களை ஒட்டிவைத்திருக்கும் பசைப்பொருளோ எண்பதைத் தாண்டிய பின்னரே இளகத் தொடங்குகின்றது, அதுவும் மெதுவாக. சமமாக வெட்டுவது வேறு, சமமாக வேகச் செய்வது வேறு என்பது இங்கேதான் தெரிகின்றது. ஓரினத்துக்குள் அளவு ஒன்றாக இருக்க வேண்டும். இனத்துக்கு இனம் மாற வேண்டும். இரண்டு சென்ரிமீற்றர் நீளத்தில் நறுக்கிய போஞ்சி இவ்விரண்டிலும் விரைந்து வேகும். அதை நாலைந்து நிமிடம் பிந்திப் போட்டால் நிறமும் கெடாது.

துண்டுகள் மூழ்கும் அளவு நீரில் வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு, மஞ்சள் சேர்த்து மெல்லக் கொதிக்கவிட்டால், பன்னிரண்டு நிமிடமளவில் பதம் பார்க்கலாம். ஈர்க்கினால் பெரிய துண்டொன்றின் நடுவைக் குத்த வேண்டும். தடையின்றி இறங்கினால் வெந்தது; புறம் இடங்கொடுத்து நடுவில் தடுத்தால் இன்னும் இரண்டு நிமிடம். கிழங்கின் ஓரங்கள் மங்கி நீர் கலங்கத் தொடங்கியும் கரட்டில் ஈர்க்கு நின்றால், கரட் பெரிதாகிவிட்டது. அடுத்த முறை அதைச் சிறிதாக்க வேண்டும். கட்டிப்பால் கடைசியில், தேசிக்காய்ப் புளி இறக்கிய பின்னர். புளியை முன்னரே விட்டால் துண்டுகள் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் மெதுமையாகத் தாமதமாகும். பழப்புளிக் குழம்பில் கிழங்கு நெடுநேரம் விறைத்து நிற்பதும் இதனாலேயே.

வறைக்கு வெட்டுவது இதே முறையின் மெல்லிய வடிவமே. ஐந்து சென்ரிமீற்றர்க் கரட் துண்டை மூன்று மில்லிமீற்றர்ப் பலகைகளாக்கி, அடுக்கி, அதே தடிப்பில் இழைகளாக அரிய வேண்டும். அவை சூடான எண்ணெயில் மூன்று நான்கு நிமிடத்தில் பதமாகும். இங்கு விரைவு ஆகாது. இழையில் ஒரு மில்லிமீற்றர் பிசகினால் தடிப்பில் மூன்றிலொரு பங்கு பிசகியதாகும். கறித் துண்டில் அதே பிசகு பொருட்படுத்தத் தக்கதன்று.

பையன் வீடு திரும்பி மூன்று கிழமை சென்ற பின் தொலைபேசியில் அழைத்தான். தங்கை மாலை வகுப்புக்குப் போயிருந்தாள். கோவா வறை வைத்ததாகவும், இலை வாடிக் கறுக்கும் வரை வதக்கியும் நடுவே சில துண்டுகள் நறுக்கென்று நின்றதாகவும் சொன்னான். இழைகள் ஒரே அகலமா என்று கேட்டோம். ஒரே அகலமே என்றான். அவ்வாறாயின் அவை இலையல்ல, நரம்பு. கோவாவை நான்காகப் பிளந்ததும் நடுத்தண்டைச் சரிவாக வெட்டி எடுத்துவிட வேண்டும்; தடித்த நரம்புகளைத் தனியே பிரித்து, இலையிழையின் பாதி அகலத்தில் அரிந்து, இரண்டு நிமிடம் முந்திப் போட வேண்டும்.

“தண்டை எறியிறதோ மாமா?”

“எறியாதை. தோலைச் சீவிப்போட்டுச் சின்னக் கட்டியா வெட்டி, நாளைக்குச் சொதிக்குப் போடு.”