பெரிய பை என்றால் எத்தனை அங்குலம்?

போடிநாயக்கனூர் ஏலக்காய் குடோனில் காய் பொறுக்கும் பெண்களிடம் போய் 'பெரிய காய்' என்று சொன்னால் சிரிப்பார்கள். எத்தனை மில்லி என்பார்கள். ஏழு மில்லி சல்லடையில் நிற்கிற காய்க்கு ஒரு விலை, எட்டு மில்லியில் நிற்கிற காய்க்கு வேறு விலை. லிட்டருக்கு எத்தனை கிராம் நிற்கிறது என்றும் பார்ப்பார்கள். 'நல்ல காய்' என்ற பேச்சுக்கு அங்கே காசு கிடையாது.

எங்க மதினி அந்த வேலையில் பதினோரு வருஷம் இருந்தவர். அதற்கு முன்னே விடியுமுன் ஜீப்பேறி, போடிமெட்டு தாண்டி, இடுக்கித் தோட்டங்களில் காய் எடுத்தவர். அவருடைய அய்யா கமலைக்குத் தும்பி தைத்தவர். கிணற்றிலிருந்து தண்ணீர் தூக்கும் சாலின் தோல் வால்தான் தும்பி. தையல் ஒழுகினால் சம்சாரி வாசலில் நின்று வைவான். பம்புசெட் வந்ததும் அந்தத் தொழில் செத்தது. கைப்பழக்கம் மட்டும் மதினிக்கு வந்து சேர்ந்தது.

போன வருஷம் மதினி எருமைத்தோலில் பை தைத்து, போனில் படம் போட்டு விற்க ஆரம்பித்தார். படத்துக்குக் கீழே மகன் எழுதியது இவ்வளவுதான்: 'அசல் தோல். பெரிய பை. கைத்தையல். தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது.'

மூன்றாவது பை சென்னைக்குப் போனது. வாங்கிய அம்மா போனில் கத்தினார். "பெரிய பைன்னு போட்டீங்க, ஒரு ஏ4 தாள் மடங்காம உள்ள போகல. தோள்ல மாட்டினா அக்குள்ல இடிக்குது. நாலு துளி மழைக்கே கறை. தோல் பூரா தழும்பு, கழிச்ச தோலை என் தலையில கட்டிட்டீங்க. உங்க ஆளுங்களே இப்படித்தான்."

மகன் அந்த நம்பரை அடைக்கப் போனான். மதினி தடுத்தார். "இருடா. அவ பேசுனதுல ரெண்டு இருக்கு. ஒண்ணு பையைப் பத்தி, ஒண்ணு நம்மளப் பத்தி. பைக்கு நான் பதில் சொல்லணும்ல?"

அதே அளவில் தைத்திருந்த இன்னொரு பையை எடுத்து டேப் வைத்தார். வெளியே 12 அங்குலம். இரண்டு ஓரத்திலும் தையலுக்கு அரை அரை அங்குலம் போனால் உள்ளே 11 அங்குலம், அதாவது 28 சென்டிமீட்டர். ஏ4 தாளின் நீளம் 29.7. அந்த அம்மா சொன்னது நிஜம். வார் 20 அங்குலம்தான். ஆனால் வாங்குகிறவருக்கு வேண்டியது வாரின் நீளம் இல்லை, தோளிலிருந்து பையின் வாய் வரை எவ்வளவு தொங்கும் என்பது. அது 9 அங்குலம்தான் இருந்தது.

கறையும் நிஜம். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோலில் தண்ணீர்த்துளி விழுந்தால் கருப்பாகப் படியும், வெயிலில் நிறமும் ஏறும். அது அந்தத் தோலின் குணம். 'ஒண்ணும் ஆகாது' என்று எழுதியதுதான் பொய். தழும்பு விஷயம் வேறு. உண்ணி கடித்ததும் முள்ளுக்கம்பி கீறியதும் மாடு உயிரோடு இருக்கும்போது வந்தவை, பழுது இல்லை. ஆனால் அதைப் படம் எடுத்து முன்னாலேயே காட்டியிருக்க வேண்டும். அய்யா தும்பி தைத்த காலத்தில் வாங்குகிறவன் எதிரே நின்று தடவிப் பார்த்தான். இப்போது பார்க்கிறவளுக்கு எழுத்துதான் கை.

மதினி பணத்தைத் திருப்பி அனுப்பினார். கூடவே ஒரு செய்தி: 'அளவும் தண்ணி விஷயமும் எங்க தப்பு. எங்க ஆளுங்களப் பத்திச் சொன்னது உங்க தப்பு.' முதலாவதுக்கு 'நன்றி' வந்தது. இரண்டாவதுக்கு இன்னும் பதில் இல்லை.

இப்போது பைக்குக் கீழே இப்படி எழுதுகிறார்கள்: 'உள் அளவு: அகலம் 13, உயரம் 10, ஆழம் 3 அங்குலம். ஏ4 தாள் படுக்கையாகப் போகும். தோளிலிருந்து 12 அங்குலம் தொங்கும். தோல் 2 மில்லி கனம். இரட்டை ஊசித் தையல், அங்குலத்துக்கு 6. மழையில் நனைந்தால் கறை விழும். பையில் உள்ள தழும்பு மூன்றாவது படத்தில். தைக்க ஒன்பது மணி நேரம்.' கடைசி வரி வந்த பிறகு பேரம் குறைந்திருக்கிறது.

முதல் வரிக்குத்தான் வீட்டில் சண்டை. 'எருமைத்தோல்' என்று போட்டால் என்ன சாதி என்று தெரிந்துவிடும், 'அசல் தோல்' போதும் என்றான் மகன். மும்பையில் 2015இல் மாட்டிறைச்சித் தடை இறுகிய பிறகு, தாராவித் தோல் தொழிலாளர்களைச் சேர்த்துக்கொண்டு சுதீர் ராஜ்பர் ரப்பரில் பைகள் செய்தார். வசவாகப் புழங்கிய 'சமார்' என்ற பேரையே அவற்றுக்கு வைத்தார். நான் அதைச் சொன்னேன். மதினி அதிசயிக்கவில்லை. "அளவ மறைச்சதுக்கே அவ அந்தப் பேச்சு பேசுனா. தோலையும் மறைச்சா இன்னொருத்தி பேசமாட்டாளா?" என்றார்.

எருமை என்று படித்ததும் விலகிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வரியை மதினி எடுக்கவில்லை.