கடன்பட்டவர் சொல்ல, நான் எழுதிய கடிதம்



சூரத்துல் பகராவின் 282ஆம் வசனத்தை எத்தனையோ ஆண்டுகளாக மாணவர்களுக்குப் பாடம் நடத்தி வருகிறேன். திருக்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் அதுதான் என்றும், அது பேசுவது கொடுக்கல் வாங்கலைப் பற்றி என்றும் சொல்லிவிட்டு, தவணைக் கடனை எழுதி வைக்க வேண்டும், எழுதத் தெரிந்தவர் எழுத மறுக்கலாகாது என்று விளக்குவேன். கடந்த ஆண்டு அக்டோபர் மாதக் கடைசியில், எழுதத் தெரிந்தவர் என்ற அந்த இடத்தில் நானே உட்கார வேண்டி வந்தது.

என் மைத்துனர் ஆம்பூரில் ஒரு சிறிய மளிகைக் கடை வைத்திருக்கிறார். காலணித் தொழிற்சாலைக்குச் செல்லும் பெண்கள் அவருடைய கடை வழியாகத்தான் நடந்து போவார்கள். வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் அவர்களே. ஒரு நாள் இஷாவுக்குப் பிறகு அவர் ஒரு தாளோடு வந்தார். "மச்சான், வேலூர் மண்டி முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். பிழை திருத்திக் கொடுங்கள்" என்றார்.

வாங்கிப் படித்தேன். வியாபாரம் படுத்துவிட்டது, குடும்பம் சிரமப்படுகிறது, 45 நாள் தவணை தர வேண்டும், சம்பளம் வந்து வசூலானதும் பாக்கியைக் கூடிய சீக்கிரம் கட்டிவிடுகிறேன் என்று எழுதியிருந்தார். எழுத்துப் பிழை இரண்டோ மூன்றோதான் இருந்தன. ஆனால் மண்டிக்கு அவர் எவ்வளவு தர வேண்டும் என்பது அந்தத் தாளில் எங்குமே இல்லை.

அப்போதுதான் அந்த வசனத்தில் நான் வேகமாகக் கடந்து போகும் ஓர் இடம் நினைவுக்கு வந்தது. கடன் பத்திரத்தின் வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன் கொடுத்தவர் அல்லர்; கடன்பட்டவரே சொல்ல வேண்டும், அதிலிருந்து எதையும் குறைத்துவிடக் கூடாது என்கிறது இறைவசனம். சுமை எவர் தலையில் இருக்கிறதோ அவர் வாயாலேயே அது வர வேண்டும் என்பது பொருள். நான் பேனாவை எடுத்துக்கொண்டு, "முதலில் தொகையைச் சொல்லுங்கள்" என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "முப்பத்தாறாயிரம்" என்றார்.

இந்த 36,000 ரூபாய் எப்படி வந்தது என்று இருவரும் கணக்குப் பார்த்தோம். எல்லாவற்றையும் கொள்முதல் விலையிலேயே எடுத்துக்கொண்டோம். மாதத்திற்கு அவர் எடுக்கும் சரக்கு ஏறத்தாழ 1,80,000 ரூபாய். முதல் தேதியில் மொத்த லோடும் ஒரே தடவையாக இறங்கும். 21 நாள் தவணை. 22ஆம் தேதி பணம் கட்ட வேண்டும். முன்பெல்லாம் மாத விற்பனையில் 36,000 ரூபாய் அளவுக்குத்தான் கடன் நோட்டில் ஏறும். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்கள் மீதான வரியை அமெரிக்கா 50 சதவீதமாக்கிய பிறகு, அந்தத் தெருவில் பலருக்கு ஓவர்டைம் நின்றது. கையில் காசு கொடுத்து வாங்கியவர்கள் நோட்டில் எழுதச் சொன்னார்கள். 36,000 என்பது 72,000 ஆயிற்று. கூடுதலாக நோட்டுக்குள் போய்விட்ட 36,000 ரூபாய்தான் மண்டிக்கு நின்றுபோன பாக்கி. அவர் வீண் செலவும் செய்யவில்லை, நட்டமும் அடையவில்லை. அவருடைய முதல், நோட்டில் எழுத்தாகக் கிடந்தது.

"45 நாள் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டேன். அரசாங்கமே 45 நாள் தவணை கொடுத்திருக்கிறதாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது தவறான புரிதல். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் சட்டத்தில் வரும் 45 நாள், பதிவு செய்த சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கியவர் அதற்கு மேல் இழுத்தடிக்கக் கூடாது என்று விற்றவரைப் பாதுகாக்க வைத்த எல்லை. மளிகை மண்டியிடம் வாங்குபவர் உரிமையாகக் கேட்கக்கூடிய தவணை அன்று. அதைக் கடிதத்தில் எழுதியிருந்தால், முதலாளியின் கணக்கர் சிரித்திருப்பார்.

அவருக்கு உண்மையில் தேவைப்பட்டது கூடுதல் நாட்களே அல்ல என்பது கணக்கைப் பிரித்தபோது தெரிந்தது. ஒரு மாதச் சரக்கு முழுவதும் முதல் தேதியில் இறங்கினால், மாதம் முழுவதையும் சராசரியாகப் பார்க்க, 90,000 ரூபாய்ச் சரக்கு அலமாரியில் படுத்திருக்கும். அதையே இரண்டு லோடாகப் பிரித்தால் சராசரி இருப்பு 45,000 ஆகக் குறையும். அதாவது, தவணை நாட்களைக் கூட்டாமலேயே 45,000 ரூபாய் அலமாரியிலிருந்து விடுபடும். நோட்டில் சிக்கிய 36,000 ரூபாயை அது ஈடுகட்டிவிடும்.

இனி எந்தத் தேதிகள் என்பது கேள்வி. அப்போது நடைமுறையில் இருந்த ஊதியச் சட்டப்படி, ஆயிரம் பேருக்குக் குறைவான தொழிற்சாலை 7ஆம் தேதிக்குள்ளும், பெரிய தொழிற்சாலை 10ஆம் தேதிக்குள்ளும் சம்பளம் கொடுக்க வேண்டும். நோட்டுப் பாக்கி வசூலாவது 8 முதல் 11 வரை. சம்பளம் வாங்கியதும்தான் அரிசி மூட்டையும் எண்ணெயும் வேகமாக நகரும். மாதக் கடைசியில் விற்பது பெரும்பாலும் நோட்டுக்குத்தான். ஆகவே 5ஆம் தேதி ஒரு லட்சம் ரூபாய்க்கும், 20ஆம் தேதி 80,000 ரூபாய்க்கும் சரக்கு கேட்பது என்று முடிவு செய்தோம். 5ஆம் தேதி லோடுக்கு 26ஆம் தேதியும், 20ஆம் தேதி லோடுக்கு அடுத்த மாதம் 12ஆம் தேதியும் பணம். தவணை ஏறத்தாழ அதே அளவுதான். ஆனால் 12ஆம் தேதி என்பது நோட்டு வசூல் முடிந்த மறுநாள்.

"சம்பளம் வந்ததும்" என்று அவர் எழுதியிருந்ததை அடித்துவிட்டேன். தவணை அறியப்பட்டதாக இருக்க வேண்டும் என்பது ஃபிக்ஹின் விதி. சம்பளம் என்று வரும் என்பது அவருக்கும் தெரியாது, மண்டிக்கும் தெரியாது. தெரியாத நாளை நம்பிச் செய்யும் ஒப்பந்தம் சச்சரவில்தான் முடியும்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. பாக்கிக்கு மாதம் இரண்டு சதவீதம் போட்டுத் தருவதாக எழுதினால் முதலாளி உடனே சம்மதிப்பார் என்று மண்டிக் கணக்கர் சொல்லியிருந்தார். ஏற்கெனவே நிலுவையில் உள்ள கடனுக்குக் காலம் நீள்வதற்காகத் தொகையைக் கூட்டுவது வட்டியே என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் இனி வரப்போகும் சரக்குக்கு ரொக்க விலை ஒன்று, தவணை விலை ஒன்று என்று இருந்து, அவற்றில் ஒன்றை வாங்கும்போதே முடிவு செய்துகொண்டால், அதைப் பெரும்பாலான மார்க்க அறிஞர்கள் அனுமதித்திருக்கிறார்கள். பிறகு தாமதமானாலும் அந்த விலை கூடாது என்பதே அதன் நிபந்தனை. முதலாளிக்கு இரண்டாவது நடைக்கு வண்டிச் செலவு உண்டு. ஆகவே அரிசி மூட்டைக்கு ஐந்து ரூபாய் கூட்டி விலை போட்டுக்கொள்ளலாம் என்று எழுதினோம். இது பழைய பாக்கியைத் தொடாது.

கடிதத்தில் எந்த வசனத்தையும் நாங்கள் எழுதவில்லை. முதலாளி நம் மார்க்கத்தவர் அல்லர் என்பது மட்டும் காரணமன்று. சிரமத்தில் இருப்பவருக்கு அவகாசம் கொடுங்கள் என்று 280ஆம் வசனம் கூறுவது கடன் கொடுத்தவரிடம். கடன்பட்டவர் அதை எடுத்துக் கடன் கொடுத்தவரின் முகத்துக்கு நேரே நீட்டுவது முறையாகாது. அவருக்கு உரிய பாடம் வேறு: வசதி இருந்தும் கடனை இழுத்தடிப்பது அநீதி என்ற நபி (ஸல்) அவர்களின் எச்சரிக்கை.

கடைசியில் கடிதம் இவ்வாறு அமைந்தது:

"மதிப்பிற்குரிய முதலாளி அவர்களுக்கு, வணக்கம். இன்றைய தேதியில் தங்களுக்கு நான் தர வேண்டிய பாக்கி ரூ.36,000. இதை நவம்பர் 12, டிசம்பர் 12, ஜனவரி 12 ஆகிய மூன்று தேதிகளில் ரூ.12,000 வீதம் தீர்த்துவிடுகிறேன். என் கடையில் கடன் விற்பனை இரட்டிப்பானதால் இந்தப் பாக்கி ஏற்பட்டது. இனி மாதச் சரக்கை 5ஆம் தேதி ரூ.1,00,000க்கும், 20ஆம் தேதி ரூ.80,000க்குமாக இரண்டு நடையில் அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன். முதல் நடைக்கு 26ஆம் தேதியும் இரண்டாம் நடைக்கு அடுத்த மாதம் 12ஆம் தேதியும் பணம் செலுத்துவேன். அந்த நாள் விடுமுறையானால் மறுநாள். தவணை நாட்களைக் கூட்டிக் கேட்கவில்லை. இரண்டாம் நடையின் செலவுக்காக அரிசி மூட்டை விலையில் ஐந்து ரூபாய் கூட்டிக்கொள்ளலாம். சம்மதமானால் நகலில் கையெழுத்திட்டு அனுப்பவும்."

இரண்டு பிரதிகள் எடுத்து அவரே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார். நான்கு நாட்களில் பதில் வந்தது. ஆம்பூர் லைனுக்கு வண்டி செவ்வாயும் வெள்ளியும்தான் வரும் என்பதால், 5க்கும் 20க்கும் முன்னால் வரும் வண்டி நாளில் சரக்கு இறங்கும். பணம் கட்டும் தேதிகள் மாறா. ஒரு தேதி தவறினால் அடுத்த லோடு ரொக்கத்துக்குத்தான். மற்றவை சம்மதம். வண்டி முந்தி வருவதால் இவருக்கு ஓரிரு நாள் தவணை கூடுதலாகவே கிடைத்தது. ரொக்க நிபந்தனை கடுமைதான். ஆனாலும் அது நியாயம் என்று மைத்துனரே சொன்னார்.

நவம்பர் தவணைகள் தவறாமல் போயின. டிசம்பரில் லோடுக்கு 80,000, பாக்கிக்கு 12,000 என 92,000 ரூபாய் கட்ட வேண்டும். 10ஆம் தேதி இரவு எண்ணிப் பார்த்தபோது, இரண்டு நாளில் வரக்கூடியதைச் சேர்த்தாலும் ஆறாயிரம் குறையும் என்று தெரிந்தது. முன்பாக இருந்தால் 13ஆம் தேதி வரை பேசாமல் இருந்து, மண்டியிலிருந்து போன் வந்தால் எடுக்காமல் விட்டிருப்பார். இம்முறை மறுநாள் காலையிலேயே இவரே அழைத்தார். "12ஆம் தேதி 86,000 கட்டுகிறேன். மீதி ஆறாயிரம் 15ஆம் தேதி" என்றார். முதலாளி, "சரி, அந்தத் தாளிலேயே எழுதிக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொன்னாராம்.

அன்று இரவு அவர் தம் பிரதியை எடுத்து வந்தார். நான் பேனாவை நீட்டினேன். வாங்கி, தம் கையாலேயே அந்த வரியை எழுதி, தேதி போட்டார். 15ஆம் தேதி பணம் போய்ச் சேர்ந்தது. டிசம்பர் 20க்கான சரக்கும் தவணைக்கே இறங்கியது.

இப்போது 282ஆம் வசனத்தைப் பாடம் நடத்தும்போது, கடன்பட்டவரே வாசகத்தைச் சொல்ல வேண்டும் என்ற அந்த இடத்தில் நான் நின்றுவிடுகிறேன்.