ஒரு மெக்கானிக்கின் கடிதம்

பணம் கேட்டு வரும் கடிதத்தை இரண்டாம் முறை படிப்பவர்கள் உலகத்தில் மிகக் குறைவு. அப்படி ஒரு கடிதத்தை நான் மூன்று முறை படித்தேன். அது எனக்கு வந்ததல்ல. விருதுநகரில் இருக்கும் என் நண்பருக்கு வந்தது. அவர் காலண்டர் ஆர்டர் பிடித்து, திருத்தங்கல் வழியாகச் சிவகாசி அச்சகங்களுக்குத் தினமும் போய் வருகிறவர். வாகனம், 1998இல் வாங்கிய பஜாஜ் சேத்தக். அந்த வண்டி 1972இல் பிறந்தது. பழைய பெட்ரோல் சேத்தக்கின் உற்பத்தி எப்போதோ நின்றுபோயிற்று. இன்று அந்தப் பெயரில் ஓடுவது மின்சார வண்டி.

வண்டி புகை கக்குகிறது, ரிங் மாற்றினால் போதும் என்று நண்பர் விட்டுவிட்டு வந்தார். மெக்கானிக் எழுதிய பதில் இது:

"மதிப்பிற்குரிய அண்ணாச்சி அவர்களுக்கு வணக்கம். போனில் சொன்னால் பேரமாகிவிடும் என்று எழுதுகிறேன். தாங்கள் ரிங் மட்டும் மாற்றச் சொன்னீர்கள். மாற்றவில்லை. காரணம் சொல்கிறேன்.

புகைக்கு முதலில் ஆயில் கலப்பைத்தான் சந்தேகப்பட்டேன். லிட்டருக்கு 20 மில்லி என்று என் கையாலேயே கலந்து ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தேன். புகை குறையவில்லை. போன மாதம் நான் ஊற்றிய கியர் ஆயிலை வடித்தேன். பாதிக்கு மேல் காணோம். வண்டி நின்ற தரையில் ஒரு சொட்டுக்கூட இல்லை. வடித்த ஆயிலிலும் பெட்ரோல் வாடை. அப்படியானால் ஆயில் வெளியே போகவில்லை, எஞ்சினுக்குள்தான் போயிருக்கிறது.

இது டூ ஸ்ட்ரோக் வண்டி. கிராங்க் சுற்றும் கீழறை வெறும் பெட்டியில்லை. பிஸ்டன் மேலே போகும்போது அது மூச்சை இழுக்கும், கீழே வரும்போது மேலே தள்ளும். கிளட்ச் பக்கத்து ஆயில் சீல் தேய்ந்துவிட்டால், அந்த மூச்சோடு கியர் ஆயிலும் உள்ளே வந்து எரியும். அந்த சீலை மாற்ற எஞ்சினை இறக்கி, இரண்டு பாதியாகப் பிரித்துக் கிராங்கை வெளியே எடுக்க வேண்டும். வேறு வழி கிடையாது.

போரைக் கழற்றி அளந்தேன். புதிதில் 57 மில்லிமீட்டர். இப்போது முன்பின்னாக 57.20, பக்கவாட்டில் 57.08. வட்டமாக இருந்தது முட்டை வடிவமாகிவிட்டது. வட்டமான புது ரிங் அதில் எப்படி உட்காரும்? லேத்தில் கொடுத்து ரீபோர் செய்து, அரை மில்லி பெரிய பிஸ்டன் போட வேண்டும்.

கடைசியாக ராடு. அது பக்கவாட்டில் சற்று அசையலாம், அது குறையில்லை. மேலும் கீழுமாக இம்மிகூட அசையக் கூடாது. தங்கள் வண்டியில் அசைகிறது, 'டக்' என்று சத்தமும் கேட்கிறது. ஏற்றத்தில் தாங்கள் கேட்ட சத்தம் அதுதான். மேலே மட்டும் புதிதாக்கினால் இழுவை கூடும். அந்த அடி முழுவதும் இந்தத் தேய்ந்த பேரிங்கின் மேல் விழும். அது ஓடும்போது நொறுங்கினால் கிராங்க் பூட்டிக்கொள்ளும், பின்சக்கரம் நின்றுவிடும். பின்னால் லாரி வருகிற ரோடு. கிளட்ச் பிடிக்க நேரம் கிடைக்காமலும் போகலாம்.

ஆகவே சீல், ரீபோர், பிஸ்டன், ராடு, பேரிங்குகள் எல்லாம் ஒரே பிரிப்பில் செய்ய வேண்டும். கியர் பற்கள் நன்றாக இருக்கின்றன, தொட மாட்டேன். கார்புரேட்டரைக் கழுவினால் போதும். கழற்றிய சாமான்களைத் தங்களிடமே தருவேன். வேலை முடிந்ததும் முதல் 500 கிலோமீட்டர் நாற்பதுக்கு மேல் முறுக்கக் கூடாது.

இப்போது பணம் தோதுப்படாவிட்டால் வண்டி இப்படியே நிற்கட்டும். பாதி வேலை மட்டும் சொல்ல வேண்டாம்."

இந்தக் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது கடைசி வரிதான். பாதி வேலையில் அவருக்கு லாபம் உண்டு. ரிங்கை மாற்றிக் கூலி வாங்கிக்கொண்டு, இரண்டு மாதம் கழித்து நண்பர் திரும்பி வரும்போது மறுபடியும் பிரித்து, மறுபடியும் கூலி வாங்கலாம். பெரிய செலவைச் சொல்கிறவனைத்தான் நாம் சந்தேகிக்கிறோம்; சின்னச் செலவைச் சொல்கிறவனிடம் கேள்வி கேட்பதே இல்லை.

இன்னொன்று. இதிலே ஓர் இடத்திலாவது 'என்னை நம்புங்கள்' என்று அவர் எழுதவில்லை. அளவைச் சொன்னார், வாடையைச் சொன்னார், சத்தத்தைச் சொன்னார். எது கெடவில்லை என்பதையும் சொன்னார். கெட்டதை மட்டும் அடுக்குகிற பட்டியலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அந்தக் கியர் பற்களைப் பற்றிய ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

இவ்வளவு செலவு அந்தப் பழைய வண்டிக்குத் தகுமா என்பது வேறு கேள்வி. அதை மெக்கானிக் தீர்மானிக்க முடியாது. அவர் தீர்மானிக்கவும் இல்லை. நண்பர் இரண்டு நாள் யோசித்தார். காலண்டர் ஆர்டர் சூடுபிடிக்கும் காலம். தினமும் அந்த ரோட்டில் போய்த்தான் ஆக வேண்டும். கடைசியில் 'எஞ்சினை இறக்கிவிடுங்கள்' என்று சொல்லி அனுப்பினார்.

பத்து நாள் கழித்து வண்டி வந்தது. கூடவே ஒரு பழைய அட்டைப்பெட்டியில் தேய்ந்த பிஸ்டனும், ராடும், ஓரம் கல்லாய் இறுகிப்போன ஒரு சின்ன ரப்பர் வளையமும் வந்தன. அந்த வளையம் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.