முப்பது வீதத்துக்குக் கீழே இருந்தால் திருட்டு இல்லையா?

கம்பஸில் அசைன்மென்ட் குடுக்கிற காலம் வந்தால், எழுத்துத் திருட்டைப் பற்றி எங்கட பெட்சில் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "எத்தினை வீதம் மட்டும் விடுவினம்?" ஒப்புமை பார்க்கிற மென்பொருள் ஓர் எண்ணைக் காட்டும். அது எல்லைக்குக் கீழே நின்றால் எல்லாம் சரி, மேலே போனால் பிரச்சினை. பரீட்சை மண்டபத்துக்கு அடையாள அட்டை கொண்டுவர வேணும் என்பதைப் போல இதுவும் இன்னொரு விதி, அவ்வளவுதான்.

எனக்கு இதில்தான் நெருடல். அடையாள அட்டை விதியை நாளைக்கே எடுத்துவிட்டால், அட்டை இல்லாமல் வருவதில் ஒரு பிழையும் மிஞ்சாது. ஆனால் இன்னொருவர் எழுதினதுக்குக் கீழே என் பெயரைப் போடக்கூடாது என்ற விதியை எடுத்துவிட்டாலும் ஏதோ ஒன்று மிஞ்சுகிறது. அது என்ன?

முதலாம் நூற்றாண்டு ரோமில் மார்ஷியல் என்றொரு கவிஞர் இருந்தார். ஃபிடென்டினஸ் என்பவன் தன் கவிதைகளை அவனுடையவை போலச் சபையில் வாசிக்கிறான் என்று அவர் கவிதையிலேயே திட்டினார். அப்போது பதிப்புரிமைச் சட்டமும் இல்லை, பல்கலைக்கழக ஒழுக்கக் கோவையும் இல்லை. மார்ஷியல் தன் கவிதைகளைத் தான் விடுதலை செய்துவிட்ட அடிமைகளாக உருவகித்து, அவற்றைப் பிடித்துக்கொண்டு போகிறவனை ஆட்கடத்துகிறவனுக்குரிய லத்தீன் சொல்லால் அழைத்தார்: பிளேஜியாரியஸ். ஆங்கிலத்தில் நாங்கள் சொல்லும் பிளேஜரிசம் அதிலிருந்து வந்ததுதான். விதி பிறக்க முன்னரே பிழை இருந்திருக்கிறது.

"சரி, அது எழுதினவருக்குச் செய்யும் அநியாயம்" என்று நீங்கள் சொல்லலாம். அதுவும் முழுப் பதில் இல்லை. பாரதி பாடல்களின் உரிமையை 1949இல் சென்னை மாகாண அரசு வாங்கியது, பிறகு அது பொதுவுடைமையானது. இன்று யாரும் யாரிடமும் கேளாமல் பாரதியை அச்சடிக்கலாம், விற்கலாம். 1921இல் இறந்துபோன பாரதிக்கு இனி நட்டமும் இல்லை. ஆனாலும் பாரதியின் பாடலொன்றைத் தன் பெயரில் போடுகிறவனை நாங்கள் மன்னிப்போமா? சட்டம் முழு அனுமதி தந்த இடத்திலும் ஒரு பொய் நிற்கிறது. அந்தப் பொய் வாசிக்கிற எங்களுக்குச் சொல்லப்படுகிறது. கட்டுரைக்குக் கீழே வரும் பெயர் அலங்காரம் இல்லை. "இதை யோசித்தது நான், இதற்குப் பொறுப்பும் நான்" என்று வாசகருக்குச் சொல்லும் கூற்று அது. அதனால்தான் காசு குடுத்து அசைன்மென்ட் எழுதுவிப்பதில், எழுதினவர் சந்தோசமாகச் சம்மதித்தாலும், பிழை பிழையாகவே இருக்கிறது. அவருடைய சம்மதம் வாசிக்கிற விரிவுரையாளரைக் கட்டுப்படுத்தாது.

இதன் மறுபக்கமும் உண்டு. போன வருடம் நானே எழுதின பந்தியை இந்த வருடக் கட்டுரையில் திரும்பப் போட்டால் பல இடங்களில் அது விதிமீறல். செய்யக்கூடாதுதான். ஆனால் அங்கே இன்னொருவரின் புகழ் என் கைக்கு வரவில்லை. மேற்கோள்களை ஒழுங்காக அடையாளமிட்டு எழுதின கட்டுரையிலும் மென்பொருள் பெரிய எண்ணைக் காட்டும். அதில் திருட்டே இல்லை. பவணந்தியாரின் நன்னூல் பழைய சூத்திரங்களை அப்படியே எடுத்து வைத்திருக்கிறது. அதை மறைக்கவும் இல்லை. முன்னோரின் சொல்லையும் போற்றுவதற்காக எடுக்கிறோம் என்று அதற்கான காரணத்தையும் நூலே சொல்கிறது. முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்ற பிரிவும் எங்களிடம் இருந்தது. வழிநூல் என்று சொல்வதில் வெட்கமில்லை. வழிநூலை முதல்நூல் என்று காட்டுவதில்தான் பிழை.

தமிழ்மூலம் படிக்கிற எங்களுக்கு இது முக்கியமாகிற இடம் மொழிபெயர்ப்பு. ஆங்கிலக் கட்டுரையொன்றைப் பந்தி பந்தியாகத் தமிழாக்கிக் குடுத்தால் மென்பொருள் பெரும்பாலும் ஒன்றும் காட்டாது. ஒரு சொல்லும் ஒத்துப்போகாதே. ஆனால் கேள்வி அவருடையது, உதாரணங்களைத் தேர்ந்ததும் வரிசைப்படுத்தியதும் அவர், முடிவும் அவருடையது. கவனமாக வாசிக்கிறவர் இதைக் கண்டுபிடித்துவிடுவார். எங்கட நூலகத்தில் இல்லாத பத்துப் புத்தகங்கள் பக்க எண்ணோடு அடிக்குறிப்பில் நிற்கும். மூலத்தில் பிழையாக இருந்த ஆண்டு இங்கேயும் அதே பிழையோடு வரும். "நமது நாட்டில்" என்று தொடங்குகிற வசனம் வேறு யாருடையவோ நாட்டைப் பற்றிப் பேசும். இதில் வருத்தம் என்னவென்றால், அந்த மொழிபெயர்ப்பு உண்மையான உழைப்பு. "இன்னாருடைய கட்டுரையைத் தழுவியது" என்று ஒரு வரி போட்டிருந்தால் அந்த உழைப்புக்கான பெயர் நேர்மையாகவே கிடைத்திருக்கும்.

என் தோழியின் கதையை, அவளிட்டக் கேட்டுத்தான் எழுதுகிறேன். படுவான்கரைப் பக்கம் ஒரு அம்மம்மாவிடம் பதினான்கு ஒப்பாரிப் பாடல்களை அவள் போனில் பதிவு செய்தாள். கேட்டுக் கேட்டு எழுத மூன்று கிழமை போனது. ஒரு பாட்டில் மோட்டார் சைக்கிள் போன சத்தத்தில் ஒரு சொல் தெளிவில்லை. "கண்டல்" என்று ஊகித்து, அடைப்புக்குறிக்குள் கேள்விக்குறி போட்டு வைத்தாள். "பார்த்திட்டுத் தாறன்" என்று கொப்பியை வாங்கிப்போன ஒரு சீனியர், அடுத்த வருடம் ஒரு கருத்தரங்கில் அதே பதினான்கு பாடல்களையும் வைத்துக் கட்டுரை வாசித்தார். அவளுடைய பெயர் எங்கேயும் இல்லை. கேட்டபோது, "நாட்டார் பாட்டு எல்லாருக்கும் பொதுதானே தங்கச்சி" என்றாராம்.

பாட்டு பொதுதான். தேடிப் போனதும், கேட்டதும், எழுதினதும் பொது இல்லை. அதைவிட எனக்கு உறைத்தது வேறொன்று. அவருடைய கட்டுரையில் அந்தக் கேள்விக்குறி காணாமல் போயிருந்தது. "கண்டல்" உறுதியான சொல்லாகி, கண்டல் மரத்தின் குறியீட்டைப் பற்றி ஒரு முழுப் பந்தியும் வந்திருந்தது. பிறகு தோழி திரும்பப் போய் அம்மம்மாவிடம் கேட்டாள். அந்தச் சொல் "கொண்டல்". மரம் இல்லை, கிழக்கிலிருந்து வீசும் காற்று. தோழியின் பெயர் அங்கே இருந்திருந்தால் யாராவது அவளிடம் கேட்டுத் திருத்தியிருக்கலாம். பெயரை அழித்தபோது கேட்பதற்கான விலாசமும் அழிந்துபோனது.

இப்போது அவள் தன் ஆய்வேட்டை எழுதுகிறாள். ஒவ்வொரு பாட்டுக்குக் கீழேயும் பாடியவரின் பெயர், வயது, ஊர், பதிவு செய்த நாள் இருக்கிறது. பெயரைப் போடலாமா என்று அம்மம்மாவிடம் முதலே கேட்டிருக்கிறாள். அவர் சம்மதித்ததோடு இன்னொன்றும் சொன்னாராம்: அதில் மூன்று பாட்டு அவருடையது இல்லையாம், தன் மாமி கட்டினதாம். தோழி அந்த மூன்றுக்குக் கீழே மாமியின் பெயரையும் சேர்த்திருக்கிறாள். எந்த விதியும் அவளிடம் அதைக் கேட்கவில்லை.